பின்னோக்கு முறையில் லெசன் பிளான்: மதிப்பீட்டை முதலில் எழுதியும் அசைன்மென்ட் திரும்பி வந்துவிட்டது

முதல்மணி

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பின்னோக்கு வடிவமைப்பில் 45 நிமிட வகுப்பு ஒன்றுக்குப் பாடத்திட்டம் எழுத வேண்டும். நோக்கம், மதிப்பீடு, செயல்பாடு மூன்றும் அந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்குத் "தசம எண்களை ஒப்பிடுதல்" என்ற பாடத்தை எடுத்துக்கொண்டேன்.

சமர்ப்பித்த நான்காம் நாள் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் இரண்டே வரி: "படிவம் பின்னோக்கு, யோசனை முன்னோக்கு. உங்கள் மதிப்பீட்டில் ஐந்துக்கு ஐந்து வாங்கிய மாணவருக்கு என்ன தெரியும் என்று சொல்வீர்கள்?" திருத்தித் தர ஒரு வாரம் இருக்கிறது. அந்தக் கேள்வியின் அர்த்தமே எனக்குப் பிடிபடவில்லை. ஐந்துக்கு ஐந்து வாங்கினால் ஒப்பிடத் தெரியும் என்றுதானே அர்த்தம்?

நான் எழுதியது இதுதான்.

நோக்கங்கள்: மாணவர்கள் தசம எண்களைப் பற்றிப் புரிந்துகொள்வர். தசம எண்களை ஒப்பிட அறிவர். குழுவாக இணைந்து செயல்படுவர். கணிதத்தில் ஆர்வம் பெறுவர்.

மதிப்பீடு: எது பெரியது என்று வட்டமிடுக.

0.3, 0.8
0.25, 0.61
0.75, 0.4
1.92, 1.5
0.864, 0.7

செயல்பாடு: பலகையில் விளக்கம் 10 நிமிடம். அட்டை விளையாட்டு 25 நிமிடம்: இருவர் இருவராக உட்கார்ந்து ஆளுக்கொரு அட்டை எடுக்க வேண்டும், பெரிய தசம எண் வைத்திருப்பவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். கடைசி 10 நிமிடம் மேலே உள்ள ஐந்து கேள்விகள்.

உண்மையைச் சொன்னால் அந்த விளையாட்டுதான் எனக்கு முதலில் தோன்றியது. நோக்கத்தையும் மதிப்பீட்டையும் அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

எழுதுகோல்

சிக்கல் வினைச்சொல்லில்தான். "புரிந்துகொள்வர்", "அறிவர்" இரண்டையும் எடுத்துவிடுங்கள். புரிந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ப்ளூம் குழுவினர் கற்றல் நோக்கங்களுக்கு 1956இல் போட்ட வகைப்பாடும் 2001இல் வந்த அதன் திருத்தமும் உங்கள் பாடத்திலேயே இருக்குமே. அதிலிருந்து "ஒப்பிடுவர்", "வரிசைப்படுத்துவர்", "வேறுபடுத்துவர்", "பட்டியலிடுவர்" என்று வினைகளை எடுத்துப் போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், தாள் திரும்பி வரவில்லை. மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆற்றோரம்

பின்னோக்கு என்றால் பாடத்தையே கடைசியிலிருந்து நடத்துவது என்று நினைத்தேன். விடையை முதலில் சொல்லிவிட்டு, அது எப்படி வந்தது என்று பின்னால் போவது. அறிவியல் வகுப்பில் ஒரு முறை அப்படிச் செய்தேன், பிள்ளைகள் நன்றாகவே கவனித்தார்கள். நீங்கள் பலகை விளக்கத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு விளையாட்டை முதலில் வைத்தால் சரியாகிவிடாதா?

கரும்பலகை

ஆற்றோரம், நீங்கள் செய்தது நல்ல கற்பித்தல் உத்திதான், ஆனால் பின்னோக்கு வடிவமைப்பு என்பது அது இல்லை. இங்கே பின்னோக்கிப் போவது திட்டமிடும் ஆசிரியரின் யோசனை. வகுப்பு எப்போதும்போல முன்னோக்கியே நடக்கும், மதிப்பீடு வகுப்பின் கடைசியிலேயேகூட நடக்கலாம். எதைச் சாட்சியாக ஏற்பேன் என்பதை, என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு முன்பே ஆசிரியர் முடிவு செய்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ஒரு வரலாறும் உண்டு. 1949இல் ரால்ஃப் டைலர் பாடத்திட்டத்துக்கு நான்கு கேள்விகள் வைத்தார்: நோக்கம் என்ன, எந்த அனுபவங்களைத் தருவது, அவற்றை எப்படி ஒழுங்கு செய்வது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது. மதிப்பீடு கடைசியில் இருந்தது. கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் 1998இல் தங்கள் முறையை எழுதியபோது அந்தக் கடைசிக் கேள்வியைத் தூக்கி இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். நோக்கம், அதற்குச் சாட்சி, அப்புறம்தான் செயல்பாடு. "சாட்சி" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக வரும்.

எழுதுகோல் சொன்ன வினைச்சொல் விஷயம் பாதி சரி. "பட்டியலிடுவர்" என்பதைக் கண்ணால் பார்க்கலாம்தான், ஆனால் இந்தப் பாடத்தில் எதைப் பட்டியலிடுவது? பார்க்க முடிகிறது என்பதற்காகவே ஒரு வினை நல்ல நோக்கமாகிவிடாது. முதல்மணியின் தாள் திரும்பி வந்ததற்குக் காரணமும் வினைச்சொல் இல்லை. அந்த ஐந்து கேள்விகள்தான்.

முதல்மணி, ஒரு காரியம் செய்யுங்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைச் சாதாரண முழு எண்ணாகப் படிக்கும் பிள்ளை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 0.75 என்றால் எழுபத்தைந்து, 0.4 என்றால் நான்கு. இந்த வயதில் அப்படி நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அந்தப் பிள்ளையாக உட்கார்ந்து உங்கள் ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதிவிட்டு வாருங்கள்.

முதல்மணி

எழுதிப் பார்த்தேன்.

3ஐ விட 8 பெரியது. 25ஐ விட 61. 4ஐ விட 75. 5ஐ விட 92. 7ஐ விட 864. ஐந்தும் சரி!

தசமமே தெரியாத பிள்ளை என் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். இப்போதுதான் அந்த இரண்டு வரியின் அர்த்தம் புரிகிறது. நான் வேண்டுமென்றே இப்படிப் போடவில்லை, மனதில் வந்த எண்களை எழுதினேன்.

கரும்பலகை

மனதில் வரும் எண்கள் அப்படித்தான் வரும். முதல் இரண்டு ஜோடியிலும் இலக்கங்களின் எண்ணிக்கை சமம், அதனால் முழு எண்ணாகப் படித்தாலும் விடை சரியாகிவிடும். அடுத்த மூன்றிலும் நீளமான எண்ணே பெரியதாக அமைந்துவிட்டது.

இப்போது இன்னொரு பிள்ளையைப் பாருங்கள். இந்தப் பிள்ளைக்குப் பத்தில் ஒன்று என்பது நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று தெரியும். அதை எல்லை மீறி நீட்டி, "நூறில் எண்ணுவதெல்லாம் சின்னது, அதனால் நீளமான தசமம் எப்போதும் சிறியது" என்று முடிவு கட்டிவிட்டது. இது 0.4, 0.35 என்ற ஜோடியில் 0.4 என்று சரியாகச் சொல்லும். ஆனால் 0.73, 0.6 கொடுத்தால் 0.6 என்று சொல்லிவிடும்.

ஆக, இரண்டு தவறான எண்ணங்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. ஒரு வகை ஜோடி மட்டும் வைத்தால் ஒரு தரப்புப் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள். இரண்டு வகையிலும் மும்மூன்று வையுங்கள்.

நீளமானது சிறியதாக உள்ளவை:
0.4, 0.35
0.6, 0.125
2.7, 2.19

நீளமானது பெரியதாக உள்ளவை:
0.73, 0.6
0.852, 0.41
3.48, 3.2

தாளில் இவற்றைக் கலந்து போடுங்கள். முழு எண்ணாகப் படிக்கும் பிள்ளை முதல் மூன்றையும் தவறவிட்டு அடுத்த மூன்றைச் சரியாகச் செய்யும். மற்றப் பிள்ளை நேர்மாறாகச் செய்யும். இருவருக்கும் மதிப்பெண் ஆறுக்கு மூன்று, ஆனால் மறுநாள் இருவருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறுவேறு. அதனால் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன்னால், எந்த மூன்று தவறு என்று பாருங்கள்.

தாளோசை

இடையில் என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன், கணிதம் இல்லை. மொழிப் பாடம். "தன் கருத்துக்கு இரண்டு காரணங்கள் தந்து ஒரு பத்தி எழுதுவர்" என்று நோக்கம் எழுதினேன். மதிப்பீடும் அதேதான், ஒரு பத்தி எழுதுதல். செயல்பாட்டில் மட்டும் 30 நிமிடம் சுவரொட்டி வரையச் சொல்லியிருந்தேன். சுவரொட்டி அழகாக இருக்கும், வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மதிப்பீட்டாளர் கேட்டார்: "காரணம் எழுதும் பயிற்சி இந்த வகுப்பில் எந்த நிமிடத்தில் நடக்கிறது?" தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை.

அப்புறம் சுவரொட்டியை எடுத்துவிட்டு, ஒரு கூற்றும் ஐந்து வாக்கியங்களும் கொடுத்து "இவற்றில் எவை காரணங்கள், எவை கூற்றையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்பவை" என்று பிரிக்கச் சொன்னேன். அந்த ஒரு மாற்றத்துக்குத்தான் மதிப்பெண் ஏறியது. முதல்மணிக்கு இது உதவுமா என்று தெரியவில்லை. உங்கள் அட்டை விளையாட்டைப் பார்த்ததும் என் சுவரொட்டி ஞாபகம் வந்தது.

எழுதுகோல்

கேள்விகள் விஷயத்தில் கரும்பலகை சொன்னதை ஏற்கிறேன், நான் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லையே? "இலக்கங்களின் எண்ணிக்கை சமமாகும் வரை பூச்சியம் சேர்" என்று ஒரு விதி சொல்லிக்கொடுத்தால் போதும். 0.4 என்பது 0.40. நாற்பதா முப்பத்தைந்தா? நாற்பது. ஐந்து நிமிட வேலை. பிள்ளைகள் ஆறுக்கு ஆறும் வாங்குவார்கள், எந்த வகை ஜோடி கொடுத்தாலும் வாங்குவார்கள்.

கரும்பலகை

வாங்குவார்கள், அதுதான் எனக்குக் கவலை. பூச்சியம் சேர்த்த பிறகு அந்தப் பிள்ளை செய்வது மறுபடியும் முழு எண் ஒப்பீடுதான். 0.4 ஏன் 0.40க்குச் சமம் என்று கேட்டால் "பூச்சியம் சேர்க்கலாம்னு சொன்னாங்க" என்று விடை வரும். விதி மறந்த நாளில் பழைய எண்ணம் அப்படியே திரும்பி வரும்.

விதி தவறு என்று நான் சொல்லவில்லை. நோக்கத்தில் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. "சரியாகத் தேர்ந்தெடுப்பர்" என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் எழுதுகோலின் ஐந்து நிமிட வழி நியாயமானது, ஆறு ஜோடியே போதுமான சாட்சி. "தேர்ந்தெடுத்து, இட மதிப்பைக் கொண்டு காரணம் காட்டுவர்" என்பது நோக்கம் என்றால் ஆறு ஜோடி போதாது. காரணம் வெளியே தெரியும்படி இன்னொரு வேலை தர வேண்டும். நான் இப்படிக் கொடுப்பேன்:

"ஒரு மாணவர் '0.35தான் பெரியது, 35 என்பது 4ஐ விடப் பெரியது அல்லவா' என்கிறார். கீழே உள்ள இரண்டு நூறு கட்டப் படங்களைப் பயன்படுத்தி அவருக்கு விளக்குங்கள்."

நூறு கட்டப் படம் என்பது பத்துக்குப் பத்து சதுரம். முழுச் சதுரம் 1. ஒரு நிரை பத்தில் ஒன்று. ஒரு சின்னக் கட்டம் நூறில் ஒன்று. 0.4க்கு நான்கு முழு நிரைகள் நிறம் தீட்ட வேண்டும். 0.35க்கு மூன்று நிரையும் ஐந்து கட்டமும். இரண்டு சதுரமும் ஒரே அளவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் படமே தவறான விளக்கத்துக்குத் துணை போகும். இதை நான் பயிற்சி ஆசிரியர்கள் தயாரித்த தாள்களில் பல முறை பார்த்திருக்கிறேன்.

எழுதுகோல்

சரி, ஆனால் விளக்கத்தை எப்படி மதிப்பெண் போடுவது? ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள்.

கரும்பலகை

மூன்று நிலை போதும். விதியை மட்டும் சொன்னால் முதல் நிலை, "பூச்சியம் போட்டால் 40" என்பது போல. படம் சரியாக இருந்து, அதைச் சொற்களோடு இணைக்காவிட்டால் இரண்டாம் நிலை. படம் சரியாக இருந்து, "0.4இல் நான்கு பத்தில் ஒன்றுகள், 0.35இல் மூன்றுதான், மீதி ஐந்து கட்டம் சேர்ந்தாலும் ஒரு முழு நிரை ஆகவில்லை" என்ற கருத்து ஏதோ ஒரு வடிவில் வந்தால் மூன்றாம் நிலை. சொற்பிழை, வாக்கிய அழகு எதற்கும் மதிப்பெண் குறைக்காதீர்கள், உங்கள் நோக்கத்தில் அவை இல்லை.

இரண்டாம்வரிசை

பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். கரும்பலகை சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன், நடைமுறையில் இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் அந்த அட்டை விளையாட்டு. தாளோசையின் சுவரொட்டி அளவுக்கு அது விலகிப் போகவில்லை, ஒப்பிடும் வேலை அதில் நடக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்வது யார்? முழு எண்ணாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஜோடியாக உட்கார்ந்தால் 0.35 வைத்திருப்பவர் 0.4ஐ எடுத்துக்கொள்வார், எதிரில் இருப்பவரும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார். 25 நிமிடம் தவறையே பயிற்சி செய்வார்கள். நான் மேசைகளுக்கு நடுவே நடந்தபோது இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சண்டையே இல்லாமல் அமைதியாக ஆடுகிறார்களே என்று முதலில் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

இதற்கு எளிய வழி உண்டு. ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் அந்த எண்ணுக்குரிய நூறு கட்டப் படத்தை நிறம் தீட்டி ஒட்டிவிடுங்கள். எண்ணைப் பார்த்து இருவரும் முடிவு சொல்ல வேண்டும், அப்புறம் அட்டையைத் திருப்ப வேண்டும். படம் தீர்ப்புச் சொல்லும். அட்டைகளில் இரண்டு தசம இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 0.125 போட்டால் பன்னிரண்டரைக் கட்டம் தீட்ட வேண்டிவரும், அங்கே கவனம் வேறு பக்கம் போய்விடும்.

இரண்டாவது, நோக்கங்களின் எண்ணிக்கை. 45 நிமிடத்துக்கு நான்கு வேண்டாம். ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு. "குழுவாக இணைந்து செயல்படுவர்" என்று எழுதினால் அதற்கும் சாட்சி காட்ட வேண்டும். உங்கள் மதிப்பீட்டில் அது எங்கே இருக்கிறது?

ஆற்றோரம்

ஆர்வத்தையும் எடுத்துவிட வேண்டுமா? எங்களுக்கு மனப்பான்மை சார்ந்த நோக்கம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

இரண்டாம்வரிசை

உங்கள் படிவத்தில் கட்டாயம் என்றால் வையுங்கள், ஆனால் ஒரு வகுப்பில் பார்க்கக்கூடிய அளவுக்குச் சுருக்குங்கள். "ஜோடியாளர் சொன்ன விடையோடு உடன்படாதபோது படத்தைக் காட்டிக் காரணம் கேட்பர்" என்று எழுதலாம். நடமாடும்போது அதைக் குறித்துக்கொள்ளலாம். ஆர்வம் 45 நிமிடத்தில் பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

கரும்பலகை

இதில் எனக்கு வேறு கருத்து உண்டு. விக்கின்ஸும் மெக்டையும் அந்த முறையைத் தனி வகுப்புக்காக அமைக்கவில்லை, ஓர் அலகுக்காக அமைத்தார்கள், சில வாரங்கள் நடக்கும் பாடத்தொகுதிக்கு. ஆர்வம், ஒத்துழைப்பு போன்றவை அலகு அளவில் வைக்க வேண்டியவை. ஒரு வகுப்புக்குள் அவற்றைத் திணிப்பதைவிட, திட்டத்தின் மேலே "இந்த வகுப்பு எந்த அலகின் பகுதி" என்று ஒரு வரி எழுதி அங்கே நிறுத்துவது நல்லது. அந்த ஒரு வரியால் வேறு நன்மையும் உண்டு: "தசம இடம் எதுவானாலும் ஒவ்வொன்றும் தன் இடப்பக்க இடத்தின் பத்தில் ஒரு பங்கு" என்ற பெரிய கருத்தை அலகில் வைத்துவிட்டு, இந்த வகுப்பில் அதன் ஒரு துண்டை மட்டும் எடுக்கலாம். எழுதுகோல் தூக்கச் சொன்ன "புரிந்துகொள்வர்" என்ற சொல்லுக்கும் அலகு அளவில் இடம் உண்டு.

முதல்மணி

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். இந்த முறை விளையாட்டைப் பற்றி யோசிக்காமல் கடைசித் தாளை முதலில் தயாரித்தேன்.

நோக்கம் ஒன்றுதான்: தசமப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கை வேறுபடும் இரண்டு எண்களில் பெரியதைத் தேர்ந்தெடுத்து, நூறு கட்டப் படத்தைக் கொண்டு இட மதிப்பின் அடிப்படையில் காரணம் காட்டுவர்.

சாட்சி: கரும்பலகை தந்த ஆறு ஜோடிகள் கலந்து, 4 நிமிடம். பிறகு "0.35தான் பெரியது என்று சொல்லும் மாணவருக்கு விளக்கு" வேலை, 8 நிமிடம், மூன்று நிலை அளவுகோலோடு. ஜோடிகளில் குறைந்தது ஐந்து சரியாக இருந்து, விளக்கம் இரண்டாம் நிலையாவது இருந்தால் நோக்கம் எட்டப்பட்டது.

செயல்பாடு: முதல் 5 நிமிடம் 0.4, 0.35 ஜோடியையும் 0.73, 0.6 ஜோடியையும் பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் தன் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதுவர். விடை சொல்ல மாட்டேன். அடுத்த 16 நிமிடம் நூறு கட்டத்தில் அந்த நான்கு எண்களையும் தீட்டி, தங்கள் ஊகத்தோடு ஒப்பிடுவர். 12 நிமிடம் பின்பக்கம் படம் உள்ள அட்டை விளையாட்டு. கடைசி 12 நிமிடம் சாட்சித் தாள்.

மூன்று சந்தேகம். 0.3, 0.08 என்ற ஜோடியைச் சேர்க்கலாமா? 0.5, 0.50? நடுவில் நான் நடமாடிப் பார்ப்பதை மதிப்பீட்டின் கீழ் எழுதுவதா, செயல்பாட்டின் கீழ் எழுதுவதா?

கரும்பலகை

0.3, 0.08 வேண்டாம். முழு எண்ணாகப் படிக்கும் பிள்ளைகளிலேயே சிலர் 08 என்பதை எட்டு என்று எடுத்து 0.08ஐத் தேர்வார்கள், சிலர் "முன்னால் பூச்சியம் இருந்தால் சின்னது" என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த விடையிலிருந்து அவர்கள் எந்த எண்ணத்தில் இருக்கிறார்கள் என்று உங்களால் பிரிக்க முடியாது. பாடமாக நடத்த நல்ல ஜோடி, சாட்சியாக மங்கலானது. 0.5, 0.50 நல்லது, ஆனால் அது சமம் என்ற வேறு கேள்வி. உங்கள் நோக்கம் "பெரியதைத் தேர்ந்தெடுத்து" என்கிறது. அடுத்த வகுப்புக்கு வையுங்கள்.

நடமாடிப் பார்ப்பதை நான் சாட்சியின் கீழ் எழுதச் சொல்வேன். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். "மாணவர்களைக் கண்காணிப்பேன்" என்பது வெறும் வரி. "0.35க்கு 35 நிரை தீட்ட முயல்பவர், 0.4க்கு 4 கட்டம் மட்டும் தீட்டுபவர் யார் என்று குறிப்பேன்" என்பது சாட்சி. இந்த இரண்டு தவறுகளும் கண்டிப்பாக வரும், காத்திருங்கள்.

இரண்டாம்வரிசை

எங்கள் கல்லூரியில் அதைச் செயல்பாட்டின் கீழ்தான் எழுதச் சொன்னார்கள், சாட்சிப் பகுதியில் இறுதிச் சாட்சி மட்டும். உங்கள் விரிவுரையாளர் தந்த மாதிரித் திட்டத்தைப் பார்த்து அதன்படி செய்யுங்கள்.

"குறைந்தது ஐந்து சரி" என்ற அளவை நான் எழுத மாட்டேன். ஒரு ஜோடியைக் கவனக்குறைவால் தவறவிட்ட பிள்ளையும், 0.6, 0.125 ஜோடியில் மட்டும் தடுமாறிய பிள்ளையும் ஒன்றல்ல. மூன்று இலக்கம் வந்ததும் பழைய எண்ணம் எட்டிப் பார்க்கிறதா என்பது எனக்கு முக்கியம். எண்ணிக்கையை விட்டுவிட்டு "இரண்டு வகையிலும் நிலையாக" என்று எழுதுவேன்.

நேரத்தையும் பாருங்கள். 16 நிமிடத்தில் நான்கு நிமிடம் தாள் கொடுப்பதிலும் நிறக்கோல் தேடுவதிலும் போய்விடும். நிறம் வேண்டாம், பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். நான்கு எண்களுக்கான நான்கு சதுரங்களும் ஒரே தாளில் இருக்கட்டும்.

கரும்பலகை

அளவு எழுதுவதை விடாதீர்கள். 1962இல் ராபர்ட் மேகர் நோக்கத்துக்கு மூன்று கூறு சொன்னார்: என்ன செய்வர், எந்தச் சூழலில், எந்த அளவுக்கு. பயிற்சி மாணவரின் திட்டத்தில் மூன்றாவது விடுபட்டால் அவர் எதை ஏற்பார் என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும். "இரண்டு வகையிலும் மூன்றுக்குக் குறைந்தது இரண்டு சரி" என்று எழுதினால் இரண்டாம்வரிசை கேட்பதும் பெருமளவு வந்துவிடும்.

இரண்டாம்வரிசை

அப்படி எழுதினாலும் 0.6, 0.125இல் மட்டும் விழும் பிள்ளை தப்பித்துவிடுமே. எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அசைன்மென்டுக்கு இதைவிடத் தெளிவாக எழுத முடியும் என்றும் தோன்றவில்லை.

முதல்மணி

சமர்ப்பிக்கும் முன்னால் தாளை ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தேன், உறவினர் மகள், பத்து வயது. பாடம் எதுவும் நடத்தவில்லை. தாளை மட்டும் கொடுத்தேன்.

0.4, 0.35: கொஞ்சமும் யோசிக்காமல் 0.35ஐ வட்டமிட்டாள். 0.125. 2.19. நீளமானது பெரியதாக உள்ள மூன்றும் சரி. கரும்பலகை சொன்ன வடிவம் அப்படியே வந்தது. என் பழைய ஐந்து கேள்வித் தாளையும் கொடுத்தேன். ஐந்துக்கு ஐந்து!

அப்புறம் விளக்கச் சொல்லும் வேலை. 0.35க்கு மூன்று நிரையும் ஐந்து கட்டமும் தானே தீட்டினாள், ஒவ்வொரு கட்டமாக எண்ணி முப்பத்தைந்து வரை போனாள். 0.4க்கு நான்கு சின்னக் கட்டத்தை மட்டும் தீட்டிவிட்டு நிமிர்ந்தாள். "பாருங்க, இதுதான் சின்னது." நான் ஒன்றும் சொல்லாமல் "ஒரு முழு நிரை எவ்வளவு?" என்று மட்டும் கேட்டேன். பென்சிலை வைத்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தாள். "பத்துல ஒண்ணு... அப்ப நாலு நிரையா?" என்று கேட்டுவிட்டு அழிக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கேள்வியைத் திட்டத்தில் 16 நிமிடப் பகுதியில் அப்படியே எழுதிவிட்டேன். பலகை விளக்கத்துக்கு இப்போது தனி நேரமே இல்லை, அது பரவாயில்லையா? மறுநாள் தாள்களை எப்படிப் பிரிப்பது என்றும் எழுதச் சொல்கிறார்களா?

கரும்பலகை

பலகை விளக்கம் இல்லாதது பரவாயில்லை. படத்தோடு ஊகத்தை ஒப்பிடும்போது ஓரிரு பிள்ளைகளைப் பேசவைத்து, அதைப் பலகையில் எழுதுங்கள், விளக்கம் அங்கேயே நடந்துவிடும்.

தாளைப் பிரிப்பதைக் கேட்காவிட்டாலும் மூன்று வரி எழுதுங்கள். முதல் அடுக்கு: நீளமானது சிறியதாக உள்ள ஜோடிகளைத் தவறவிட்டவர்கள். இவர்களுக்கு மறுநாள் நூறு கட்டமும் "ஒரு முழு நிரை எவ்வளவு" என்ற உங்கள் கேள்வியும். இரண்டாம் அடுக்கு: நீளமானது பெரியதாக உள்ளவற்றைத் தவறவிட்டவர்கள். இவர்களுக்குப் பூச்சியத்திலிருந்து ஒன்று வரை பத்துப் பகுதியாகப் பிரித்த எண்கோடு. 0.73ஐ 0.7க்கும் 0.8க்கும் நடுவே வைக்கச் சொன்னால் அது 0.6க்கு வலப்புறம் விழுவதைத் தாங்களே பார்ப்பார்கள். மூன்றாம் அடுக்கு: ஜோடிகள் எல்லாம் சரியாகி, விளக்கத்தில் முதல் நிலையில் நின்றவர்கள். இவர்களிடம் 0.4க்கும் 0.41க்கும் நடுவே ஓர் எண் எழுதச் சொல்லுங்கள்.

எழுதுகோல்

மூன்றாம் அடுக்குப் பிள்ளைகள் அங்கேயும் பூச்சியம் சேர்த்து 0.400, 0.410 என்று எழுதி 0.405 சொல்லிவிடுவார்களே?

கரும்பலகை

சிலர் சொல்வார்கள். அவர்களிடம் அந்த 0.405ஐ நூறு கட்டத்தில் எங்கே தீட்டுவாய் என்று கேளுங்கள். ஒரு சின்னக் கட்டத்தைப் பாதியாக வெட்ட வேண்டும்.